மெனு அட்டையின் இரண்டாவது வரி



காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கங்களில் மெஸ், ஓட்டல், தங்கும் விடுதி நடத்துகிறவர்கள் நீங்கள். உங்களிடம் இன்று மெனு அட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அட்டை முழுவதையும் பேச நேரம் போதாது. உணவின் பெயருக்குக் கீழே, வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவருக்காக எழுதுகிறோமே, அந்த விளக்க வரியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். பெயர் முதல் வரி. விளக்கம் இரண்டாவது வரி. நம் அட்டைகளில் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இரண்டாவது வரிதான்.

2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அதற்கு முன்பிருந்தே வீடுகளைப் பார்க்க பிரான்சு, ஜெர்மனி, இங்கிலாந்து என்று பல நாட்டார் வருகிறார்கள். இவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. நம்மைப் போலவே பள்ளியில் கற்ற ஆங்கிலத்தோடு வருகிறார்கள். எனவே அட்டையில் அலங்கார ஆங்கிலம் அவர்களுக்கு எட்டாது. 'சுவையின் சங்கமம்', 'நாவில் கரையும் பாரம்பரியம்' என்ற வகையில் எழுதப்படும் வரிகள் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கின்றன. பசியோடு உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத் தெரியவேண்டியது சில செய்திகள்தான்: இது எதனால் ஆனது, எப்படிச் சமைத்தது, எதோடு வரும், எவ்வளவு காரம், எனக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதாவது இதில் இருக்கிறதா.

முதலில் நம் ஆங்கிலத்தைப் பார்ப்போம். நாம் அன்றாடம் பேசுகிற ஆங்கிலச் சொற்கள் பல இந்தியாவுக்குள் மட்டும் செல்லுபடியாகிறவை. முருங்கைக்காய் சாம்பாரை 'டிரம்ஸ்டிக் சாம்பார்' என்று அட்டையில் போடுகிறோம். இங்கிலாந்துக்காரருக்கும் அமெரிக்கருக்கும் அந்தச் சொல் கோழியின் கால். சைவம் மட்டும் சாப்பிடுகிற பெண்மணி அந்த வரியைப் பார்த்ததும் அதைத் தள்ளிவிடுவார். கோழி எதிர்பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவார். 'மட்டன்' என்றால் நமக்கு வெள்ளாட்டுக் கறி. அவர்களுக்கு அது வளர்ந்த செம்மறி ஆட்டின் கறி, அதுவும் பலர் வீட்டில் சமைக்காதது. 'கோட்' என்றே எழுதிவிடலாம். தயிரை 'கர்ட்' என்று எழுதினால் இங்கிலாந்தில் எலுமிச்சை போட்டுக் கிண்டிய ஓர் இனிப்பும் பால் திரிந்த கட்டியும் நினைவுக்கு வரும். 'யோகர்ட்' எல்லா நாட்டுக்கும் பொது. வெண்டைக்காய்க்கு 'லேடீஸ் ஃபிங்கர்' வேண்டாம், 'ஓக்ரா' போதும். கத்தரிக்காய்க்கு 'பிரிஞ்சால்' என்பது நம் நாட்டு வழக்கு. இங்கிலாந்தும் பிரான்சும் 'ஓபர்ஷீன்' என்கின்றன, அமெரிக்கா 'எக்பிளான்ட்' என்கிறது. இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதிவிடுங்கள். பார்சலை 'டேக்அவே' என்று போடுங்கள். 'மீல்ஸ்', 'டிபன்' இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்; ஆனால் மீல்ஸ் என்பது ஒரே விலைக்குச் சோறும் குழம்பும் ரசமும் கூட்டும் பொரியலும் கேட்கக் கேட்கப் பரிமாறுவது என்றும், பகலில் மட்டும் கிடைக்கும் என்றும் கீழே சொல்லியாக வேண்டும். தோசை மாலையில்தான் என்றால் அதையும் அங்கேயே எழுதுங்கள். ஒரு மணிக்கு வந்து தோசை கேட்கிறவருக்கு "இல்லை" என்று மட்டும் பதில் வந்தால், அடுப்பு மாறுகிற நேரம் அவருக்கு எப்படித் தெரியும்?

சொற்களைத் திருத்துவது எளிது. விளக்கத்தை எழுதுவதுதான் கடினம். பலரும் பெயரைத் துண்டு துண்டாக ஆங்கிலமாக்கிவிட்டு, விளக்கம் எழுதியாயிற்று என்று நினைக்கிறார்கள். உப்புக்கறி 'சால்ட் கறி' ஆகிவிடுகிறது. அதைப் படிக்கிறவர் உப்புக் கரிக்கிற குழம்பு என்று ஒதுக்கிவிடுகிறார். உப்புக்கறியோ இந்த வட்டாரத்தின் மிக நேர்த்தியான ஆட்டுக்கறிச் சமையல்களில் ஒன்று.

பெயரை மொழிபெயர்க்காதீர்கள். பெயர் பெயராகவே இருக்கட்டும், தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை. விருந்தாளி அதைச் சொல்லிப் பார்க்கவும், ஊருக்குப் போய் நினைவுகூரவும் அது வேண்டும். விளக்கத்தை அகராதியிலிருந்து எடுக்காமல் அடுப்படியிலிருந்து எடுங்கள். சமையற்காரர் பக்கத்தில் நின்று கேட்டு எழுதுங்கள்.

நான் ஒரு மெஸ்ஸில் அப்படிக் கேட்டேன்.

"அண்ணே, உப்புக்கறிக்கு என்னென்ன போடுறீங்க?"

"கறி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு. மசாலாப் பொடி கிடையாது. கறி வெந்து தண்ணி சுண்டினதும் எண்ணெயில நல்லா வதக்கி எடுக்குறது."

"எலும்போடவா?"

"எலும்போடதான். அதுலதானே ருசி."

"எந்த எண்ணெய்?"

"நல்லெண்ணெய். இல்லேன்னா கடலெண்ணெய்."

இந்த மூன்று பதில்களில் விளக்க வரி முழுவதும் இருக்கிறது. 'கோட் ஆன் தி போன், டிரை-ஃபிரைடு வித் ரெட் சில்லீஸ், ஸ்மால் ஆனியன்ஸ் அண்ட் கார்லிக். ஹாட்.' பதினைந்து சொற்களுக்குள் முடிந்துவிட்டது. எந்த இறைச்சி, எலும்பு உண்டா, குழம்பா வறுவலா, ருசிக்கு முதன்மையானவை எவை, காரம் எப்படி என்பதெல்லாம் வந்துவிட்டன. பதினைந்து சொல்லுக்கு மேல் போனால் பசியோடு இருப்பவர் படிக்க மாட்டார். பட்டை, கிராம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு என்று மசாலாப் பட்டியல் நீட்ட வேண்டியதில்லை. கல்பாசி என்பது பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு லைக்கன் வகை என்று ஆர்வத்தோடு விளக்கத் தோன்றும். அது மேசையில் பேச நல்ல செய்தி. அட்டையில் அது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு உதவாது.

அந்தச் சமையற்காரர் கடைசியாகச் சொன்ன "இல்லேன்னா" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து அதில்தான் இருக்கிறது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும் அளவுக்குப் போகலாம். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். நம் மெஸ்களில் பலர் பெருமையோடு செக்கெண்ணெய்தான் வாங்குகிறார்கள். ஆகவே எண்ணெய் எது என்பது அட்டையின் பொருளாகிறது. ஒரு நாள் நல்லெண்ணெய், மறுநாள் கடலெண்ணெய் என்று மாறுமானால் இரண்டையும் எழுத வேண்டும். நல்லெண்ணெயும் எல்லாருக்கும் பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறது. எள்ளும் கடுகும் அதில் உண்டு. அமெரிக்காவும் 2023 முதல் எள்ளைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நம் தாளிப்பு கடுகில் தொடங்குகிறது. எனவே ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் 'கடுகு உண்டு' என்று எழுதுவதை விட, அட்டையின் தலைப்பிலேயே ஒரு வரி போடுவது தெளிவு: எங்கள் சமையலறையில் கடுகு, எள், நிலக்கடலை, முந்திரி, பால், கோதுமை எல்லாம் புழங்குகின்றன, ஒவ்வாமை இருந்தால் ஆர்டர் கொடுக்கும் முன் சொல்லுங்கள்.

அந்தத் தலைப்பு வரியோடு முடிந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவை சில உண்டு. அவற்றை மட்டும் அந்தந்த உணவின் கீழ் குறிக்க வேண்டும். குருமாவில் அரைத்து விட்ட முந்திரி பார்த்தால் தெரியாது. பொங்கலின் நெய் மணத்தால் நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் விட ஒளிந்திருப்பது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்துதான் வருகிறது. கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய் உள்ளவர் இட்லியைப் பார்த்து அரிசியும் உளுந்தும்தானே என்று நிம்மதியாகக் கேட்கிறார். இட்லி சரி. பக்கத்தில் வைக்கிற சாம்பாரில் பெருங்காயத்தின் வழியே கோதுமை வந்துவிடுகிறது. டப்பாவின் பின்னால் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படித்தால் தெரியும். அரிசி மாவோ கருவேல் பிசினோ மட்டும் சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. அதற்கு மாறிவிட்டால் அட்டையில் ஒரு பெரிய பிரிவுக்கே குளூட்டன் இல்லை என்று எழுத முடியும். ஆனால் இட்லிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே மைதா பரோட்டா தேய்க்கும் கல் இருந்தால் அப்படி எழுதுவது சரியாகாது.

பச்சை வட்டக் குறியும் இப்படித்தான். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் வட்டம், அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இப்போதைய விதி. உள்நாட்டவருக்கு இது கண்பழகியது. வெளிநாட்டவருக்கு அட்டையின் அடியில் ஒரு வரி விளக்கம் வேண்டும். அதோடு, நம் பச்சைக் குறிக்குள் பால், தயிர், நெய் எல்லாம் அடங்கும். பால் பொருளே தொடாத வீகன் உணவுக்காரர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். அவர்களுக்காகப் பச்சை வட்டத்துக்கு அருகில் தனியாக 'வீகன்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். நம் பொரியல், ரசம், புளிக்குழம்பு எல்லாம் எண்ணெயில் தாளித்தால் அந்தச் சொல்லுக்குத் தகுதியானவை. தாளிப்பு நெய்யில் என்றால் தகுதி போய்விடும்.

இனி எப்படிச் சாப்பிடுவது என்பது. இதைப் பெரும்பாலான அட்டைகள் மறந்துவிடுகின்றன. முருங்கைக்காயைச் சதையை மட்டும் சப்பிவிட்டு நாரைத் துப்ப வேண்டும் என்று எழுதாவிட்டால், அவர் நாரோடு மென்று விழுங்கப் பார்ப்பார். கறிவேப்பிலையை ஒதுக்கலாம், மிளகாயையும் கிராம்பையும் கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். இலையில் சாப்பிடும்போது போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டி மறிக்கலாம், முடிந்ததும் இலையைத் தன் பக்கமாக மடிக்கலாம் என்பதை மீல்ஸ் பக்கத்தில் இரண்டு வரி போட்டால் பந்தியில் தடுமாற்றம் இருக்காது. கரண்டி வேண்டுமா என்று கேட்கலாம் என்பதையும் சேருங்கள்.

காரத்தைப் பற்றி ஒரு சொல். மூன்று மிளகாய்ப் படம், இரண்டு மிளகாய்ப் படம் என்று அளவு போடுவது வழக்கம். நம் இரண்டு மிளகாய் அவருடைய ஐந்தாக இருக்கும். எனவே அட்டையிலேயே இருக்கிற ஒன்றை அளவுகோலாக வையுங்கள்: இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் காரமில்லாதவை, கோழி மிளகு வறுவல் மிகக் காரம் என்று முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றை இடையில் நிறுத்துங்கள். மிளகின் காரமா, மிளகாயின் காரமா என்று பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது. இரண்டும் நாக்கில் வெவ்வேறு விதமாக ஏறும்.

இப்போது மூன்று உணவுகளை எடுத்து எழுதிப் பார்ப்போம்.

முதலாவது மண்டி. வெண்டைக்காய் மண்டி என்று அட்டையில் போட்டால் வெளிநாட்டவர் மட்டுமல்ல, கோயம்புத்தூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிற நம் மக்களே என்னவென்று கேட்கிறார்கள். ஆகவே இங்கே தமிழிலும் இரண்டாவது வரி வேண்டும். அரிசி களைந்த நீரில் புளி கரைத்து, வெண்டைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு கொதிக்கவிட்ட புளிப்பான கெட்டிக் குழம்பு, சோற்றோடு என்று எழுதலாம். ஆங்கிலத்தில் அரிசி களைந்த நீர் என்பதை அப்படியே வைத்தால், கழுவிக் கொட்ட வேண்டிய நீர் என்று அவருக்குத் தோன்றிவிடும். 'ரைஸ் வாட்டர்' என்பது அவருக்கும் பழக்கமான சொல், உண்மையும் கெடாது. 'ஓக்ரா இன் டேங்கி டமரிண்ட் சாஸ் திக்கன்ட் வித் ரைஸ் வாட்டர். ஈட்டன் வித் ரைஸ்.' தமிழருக்குச் செய்முறையைச் சொன்னால் அவர் ருசியை ஊகித்துக்கொள்வார். வெளிநாட்டவருக்கு ருசியையும் கெட்டித்தன்மையையும் நேரடியாகச் சொல்ல வேண்டும். இரு மொழி வரிகளும் ஒன்றுக்கொன்று நகலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விலையும் அளவும் உட்பொருளும் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கவுனி அரிசி. பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்த கறுப்பு அரிசி. நீண்ட நேரம் ஊறவைத்து, குழைய வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்தது. பெயரில் அரிசி இருப்பதால் இதை உப்புச் சோறு என்று நினைத்துக் குழம்போடு கேட்பவர்கள் உண்டு. எனவே 'ஸ்வீட்' என்பதுதான் முதல் சொல்லாக வர வேண்டும். இந்த வகை அரிசியை ஆங்கிலத்தில் 'குளூட்டினஸ்' என்று சொல்வதும் உண்டு. ஒட்டும் தன்மை என்பதுதான் அதன் பொருள். கோதுமையின் குளூட்டன் இதில் கிடையாது. ஆனால் குளூட்டன் ஆகாதவர் அந்தச் சொல்லைக் கண்டதும் பயந்து விலகுவார். 'ஸ்டிக்கி' என்று எழுதுங்கள்.

மூன்றாவது பணியாரம். நம் அட்டைகளில் குழிப்பணியாரமும் வெள்ளைப் பணியாரமும் அடுத்தடுத்து வரும். இரண்டும் அரிசியும் உளுந்தும்தான். அப்படி மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றென்றே நினைப்பார். குழிப்பணியாரம் புளித்த மாவைக் குழிச்சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு உருண்டையாகச் சுடுவது. இனிப்பு, காரம் இரண்டும் உண்டு. வெள்ளைப் பணியாரம் அரைத்த மாவைக் காய்ந்த எண்ணெயில் கரண்டியால் ஊற்றிப் பொரிப்பது. காரச் சட்னியோடு வரும். எண்ணெய் அதிகம் வேண்டாம் என்கிறவர் எதை எடுக்க வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிடும். எத்தனை உருப்படி என்பதையும் போடுங்கள். நான்கு வருமா எட்டு வருமா என்று தெரியாமல் ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டு மிச்சம் வைக்கிறார்கள்.

அச்சுக்குப் போகும்போது தமிழ் கெடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடியாது. கைப்பேசியில் யுனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புகிறோம். அச்சகத்தில் பழைய மென்பொருளில் அதை ஒட்டும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாகப் பின்னால் போய்விடும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். கொத்து, கோழி, தேங்காய், பெருங்காயம் ஆகிய சொற்களைப் புரூஃபில் தேடிப் பாருங்கள். இவை சரியாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாக இருக்கும். இன்டிசைனில் வடிவமைக்கிறார்கள் என்றால் World-Ready Paragraph Composer என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கொம்புகள் இடத்துக்கு வந்துவிடும். எழுத்துருவுக்கு Noto Sans Tamil, அதனோடு ஆங்கிலத்துக்கு Noto Sans எடுத்தால் இரண்டும் ஒரே குடும்பம், இலவசமாகக் கிடைப்பவை. தமிழ் எழுத்து அகலம் கூடுதல், மேலும் கீழும் சுழிகள் நீளும். எனவே ஆங்கிலத்துக்குப் போதுகிற வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. வரி உடைந்து இரண்டாகும் என்று முன்கூட்டியே இடம் விடுங்கள். கண்ணாடி போட்டவர் மஞ்சள் விளக்கில் படிக்கிறார் என்பதை நினைத்து அளவை வையுங்கள்; படம் போட்ட பின்னணியின் மேல் எழுத்தை அச்சிடாதீர்கள்.

ஒவ்வோர் உணவுக்கும் ஓர் எண் கொடுங்கள். ஆங்கில எழுத்தில் நாம் 'ழ'வுக்கு எந்த எழுத்துக்கூட்டு போட்டாலும் அவர் உச்சரிப்பது பரிமாறுகிறவருக்குப் புரியாமல் போகலாம். 17 என்று விரலைக் காட்டினால் இருவருக்கும் புரியும். தமிழ்ப் பக்கம், ஆங்கிலப் பக்கம் என்று தனித்தனித் தாள்கள் வைத்தால் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே தாளில் பக்கத்துப் பக்கம் வைப்பது இன்னும் நல்லது. அப்போது விருந்தாளி ஆங்கிலத்தைப் படித்து விரல் வைத்தால், அதே வரிசையில் பரிமாறுகிறவர் தமிழைப் படித்துக்கொள்வார்.

அட்டை சரியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வாரம் தாளில் நகலெடுத்து மேசையில் வையுங்கள். பரிமாறுகிறவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, விருந்தாளி அட்டையைப் படித்த பிறகும் கேட்கிற கேள்விகளை எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். எந்த எண்ணுக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ, அந்த வரியைத் திருத்த வேண்டும். அடுத்த மேசையைக் காட்டி "அது வேண்டும்" என்கிறார்கள் என்றால், அந்த உணவின் வரி அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். தொடாமல் திரும்பி வந்த தட்டுகளையும் குறியுங்கள்.

கடைசியாக, சமையலறைச் சுவரில் அட்டையின் ஒரு படி தொங்க வேண்டும். எண்ணெய் மாறினால், பெருங்காயம் மாறினால், குருமாவில் முந்திரிக்குப் பதிலாகப் பொட்டுக்கடலை அரைத்தால், சமையற்காரர் அந்தப் படியில் பேனாவால் திருத்தித் தேதி போட வேண்டும். திருத்திய அன்றே மேசையில் இருக்கிற அட்டைகளிலும் அந்த வரியின் மேல் சிறு தாள் ஒட்டிவிடுங்கள். புதிதாக அச்சடிக்கும்வரை அதுவே போதும்.